சிவப்புக் கோடும் குமாரின் தொலைநகலும்

ஞாயிறு இதழுக்கான கட்டுரை ஒன்றைப் பிழைதிருத்தத்திற்காக நண்பர் ஒருவருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவருடைய பெயரைக் குமார் என்றே வைத்துக்கொள்வோம். அவுட்லுக்கில் To என்ற இடத்தில் Kumar என்று தட்டினேன். பெயரின் கீழே நெளிநெளியான ஒரு சிவப்புக் கோடு தோன்றியது. எழுத்துப் பிழையோ என்று அழித்துவிட்டு மீண்டும் தட்டினேன். கோடு போகவில்லை. என் முகவரிப் புத்தகத்தில் இருப்பதோ ஒரேயொரு குமார். ஒருவரை மட்டுமே அறிந்த எனக்கு, அவர் யார் என்பதில் ஐயம் இருப்பதாக இந்த மென்பொருள் ஏன் சொல்ல வேண்டும்?

சிவப்புக் கோட்டைப் பிழை என்று எண்ணுவதே நாம் செய்யும் முதற் பிழை. சொற்களின் கீழே வரும் சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பழகிய கண்கள் இதையும் அவ்வாறே வாசிக்கின்றன. ஆனால் பெறுநர் பெயரின் கீழே வரும்போது அதன் பொருள் வேறு. தட்டிய பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் கிடைத்துள்ளன, எது என்று நீயே சொல், என்பதுதான் அது. பெயர் எங்குமே இல்லையென்றால் கோடே வராது; அனுப்ப முயலும்போது, இப்பெயரை அறியேன் என்று ஒரு சிறு பெட்டி வந்து சொல்லும். ஒரேயொரு விடை கிடைத்துவிட்டால் நேரான கரிய கோடு விழும். கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய வகை அவுட்லுக்கைப் பற்றியே சொல்கிறேன். இணையப் பதிப்பும் அண்மைக் காலத்தில் வந்த புதிய பதிப்பும் தோற்றத்தில் வேறுபடும்.

அப்படியானால் என் ஒற்றைக் குமாருக்கு இரண்டாவது விடை எங்கிருந்து வந்தது? பெயரில் சுட்டியை வைத்து Ctrl+K அழுத்தினேன். Check Names என்ற பெட்டி திறந்தது. அதில் குமார் இருவர் இருந்தனர். பெயரும் ஒன்று, ஆளும் ஒருவரே. ஒன்றின் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரி, மற்றதன் பக்கத்தில் Business Fax. பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய விபரங்களைப் பதிந்தபோது அலுவலகத் தொலைநகல் எண்ணையும் அக்கறையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தத் தொலைநகற் கருவி பழைய இரும்புக்குப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. எனினும் அவுட்லுக் தொலைநகல் எண்ணையும் செய்தி அனுப்பத்தக்க ஒரு முகவரியாகவே கொள்கிறது. ஆகவே ஒரே மனிதர் முகவரிப் புத்தகத்தில் இரண்டு பேராகிவிடுகிறார்.

தீர்வு எளிது. எண் தேவையில்லையெனில் அழித்துவிடலாம். தேவையெனில் எண்ணுக்கு முன்னால் Fax என்ற சொல்லைச் சேர்த்து எழுதினாற் போதும். எழுத்தில் தொடங்குவதை அவுட்லுக் தொலைநகல் முகவரியாகக் கொள்வதில்லை. எண்ணும் நம் பார்வைக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும். நான் அழித்தேன். மறுபடி Kumar என்று தட்டியதும் கரிய கோடு விழுந்தது.

இனி, உண்மையிலேயே பல பேர் இருக்கும் இடத்திற்கு வருவோம். பெரிய நிறுவனமொன்றில் எல்லோருடைய பெயரும் பொது முகவரிப் பட்டியலில் இருக்கும். அங்கே நடப்பது முழுப்பெயரை முழுப்பெயரோடு பொருத்துவதன்று. தட்டிய எழுத்துகளில் தொடங்குபவை எல்லாம் எடுக்கப்படும். பெயர், குடும்பப் பெயர், அலுவலகப் பயனர் பெயர் என்று பல களங்களில் தேடல் நடக்கும். Siva என்று தட்டினால் சிவகுமார், சிவபாலன், சிவராஜா எல்லோரும் முன்வந்து நிற்பர். நம்மவர் பெயர்களில் இது எவ்வளவு பெரிய கூட்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதிலும் மோசமானது, Sivakumar என்று முழுமையாகவே தட்டிய பிறகும் கோடு போகாத நிலை. Sivakumaran என்று வேறொருவர் இருந்தால், அவருடைய பெயரும் அதே எழுத்துகளிலேயே தொடங்குகிறது. முழுப்பெயர் எழுதியும் தீரவில்லையே என்று சலிப்பவர்கள் பெரும்பாலும் இந்த அயலவரைக் கவனிப்பதில்லை. இங்கே ஒரு சிறு வழி உண்டு: அவருடைய பயனர் பெயரை அறிந்திருந்தால், அதன் முன்னே சமன் குறியிட்டு `=sivakumar` என்று தட்டலாம். தொடக்கத்தை மட்டும் பார்க்காமல், அப்படியே பொருந்துவதை மட்டும் எடு என்று அதன் பொருள்.

தேடும் வரிசையும் முக்கியம். Ctrl+Shift+B அழுத்தி முகவரிப் புத்தகத்தைத் திறந்து, Tools, Options என்று சென்றால், நிறுவனப் பட்டியலை முதலிற் பார்ப்பதா, நம் சொந்தத் தொடர்புகளை முதலிற் பார்ப்பதா என்று தீர்மானிக்கலாம். ஒரு பட்டியலில் விடை கிடைத்துவிட்டால் அடுத்ததைத் தேடுவதில்லை. சொந்த நண்பருக்கு எழுதும் கடிதத்தில் அலுவலகத்து அந்நியர் வந்து அமர்வது இதனால்தான். என்னைப் போல் வெளியாரோடு அதிகம் எழுதுபவர்களுக்குச் சொந்தத் தொடர்புகளை முதலில் வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

சிவப்புக் கோட்டின்மீது எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அது நேர்மையானது. தெரியாததைத் தெரியாது என்கிறது. பதில் சொல்லும்வரை கடிதத்தை அனுப்பாமல் நிறுத்தி வைக்கிறது. ஆசிரியபீடத்தில் இளம் நிருபர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதைத்தானே. என் சந்தேகம் மற்ற இரு கோடுகளின்மீதுதான்.

ஒன்று பச்சைக் கோடு. இடைவெளிவிட்ட கோடாக வரும். பல விடைகள் இருந்தாலும் முன்பு ஒருமுறை நீ தேர்ந்தவரையே இம்முறையும் எடுத்துக்கொண்டேன் என்று அது சொல்கிறது. சென்ற மாதம் கணக்குப் பிரிவுச் சிவாவுக்கு எழுதியவர், இன்று ஆசிரியபீடத்துச் சிவாவுக்கு எழுத நினைக்கிறார். பெயர் ஏறிவிட்டது, கோடும் விழுந்துவிட்டது, கடிதம் கணக்குப் பிரிவுக்குப் போய்விடும். நிறமும் கோட்டின் வடிவமும் மாறியிருக்கின்றன என்பதைத் தவிர வேறு எச்சரிக்கை இல்லை. நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படும் கண்களுக்குக் கோட்டின் இடைவெளிகள் மட்டுமே மிஞ்சும். இங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

மற்றது கரிய கோடு. முழு மின்னஞ்சல் முகவரியைத் தட்டும்போது, அதன் வடிவம் சரியாக இருந்தால் அவுட்லுக் உடனே கோடிட்டுவிடும். அம்முகவரி உலகில் இருக்கிறதா என்று அது எவரிடமும் கேட்பதில்லை. gmail.com என்பதற்குப் பதிலாக gmial.com என்று தட்டினாலும் அதே கம்பீரமான கரிய கோடுதான். கோடு வந்ததால் முகவரி சரி என்று நம்பிக் கட்டுரையை அனுப்பிவிட்டு, அச்சுக்குப் போகும் நேரம்வரை காத்திருந்த அனுபவம் எனக்கும் உண்டு.

தட்டத் தொடங்கியதும் கீழே விரியும் பெயர்களின் பட்டியலையும் பலர் முகவரிப் புத்தகமென்றே எண்ணுகின்றனர். அது வேறு, முன்பு நாம் எழுதிய பெறுநர்களின் நினைவு மட்டுமே. முகவரிப் புத்தகத்தில் நண்பரின் முகவரியை மாற்றினாலும் பழைய முகவரி அதில் அப்படியே கிடக்கும். பெயரின் ஓரத்திலுள்ள பெருக்கற் குறியை அழுத்தி அதை நீக்கலாம். குமாரின் பழைய அலுவலக முகவரி என் பட்டியலில் இன்னும் இருந்தது. தொலைநகலோடு அதையும் அன்றே நீக்கினேன். இப்போதெல்லாம் அனுப்புவதற்கு முன், கோடு எந்த நிறமானாலும், பெயரை இருமுறை அழுத்தி உள்ளே என்ன முகவரி இருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன்.