பாலிசியில் கையெழுத்திடும் முன் கடைசி வரியைப் படியுங்கள்



ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுக்கப்போகும் ஒவ்வொருவரிடமும் எங்கள் நுகர்வோர் குழு ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறது. முதிர்வில் இவ்வளவு கிடைக்கும் என்று ஏஜென்ட் சொல்லும் தொகையை அப்படியே நம்பிவிடாதீர்கள். நிறுவனம் தரும் பலன் விளக்கப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ‘பெனிஃபிட் இல்லஸ்ட்ரேஷன்’ என்று கேட்டால் தருவார்கள். ஏஜென்ட் கையால் எழுதித் தரும் கணக்கும் வாட்ஸ்அப்பில் வரும் படமும் அதற்கு ஈடாகாது. நிறுவனத்தின் பட்டியலில் நீங்களும் விற்பவரும் கையெழுத்திட வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இதில் வருபவை விளக்கத்துக்காக நாங்கள் வைத்துக்கொண்ட எண்கள். போனஸ் தரும் எண்டோமென்ட் பாலிசி, காப்பீட்டுத் தொகை 5 லட்சம், 20 ஆண்டுகள், ஆண்டுக்கு 26,000 ரூபாய் பிரீமியம். மொத்தம் கட்டுவது 5,20,000. “முடிவில் 9,30,000 கிடைக்கும்” என்கிறார் விற்பவர்.

பட்டியலின் கடைசி வரிக்கு, அதாவது 20ஆம் ஆண்டுக்கு, போங்கள். அங்கே மூன்று எண்கள் இருக்கும். உத்தரவாதப் பகுதியில் 5,00,000. நான்கு சதவீதம் என்று தலைப்பிட்ட கட்டத்தில் 6,00,000. எட்டு சதவீதக் கட்டத்தில் 9,30,000. விற்பவர் சொன்னது மூன்றாவது எண்ணை மட்டும். நிறுவனம் எழுத்தில் உறுதி கொடுப்பது முதல் எண்ணுக்குத்தான், அதுவோ நீங்கள் கட்டிய பணத்தைவிடக் குறைவு.

எட்டு சதவீதம் என்று பார்த்ததும் நம் பணத்துக்கு எட்டு சதவீத வட்டி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல. நிறுவனம் தன் நிதியை முதலீடு செய்து ஈட்டும் வருமானம் அவ்வளவு இருந்தால் என்ற அனுமானம் அது. கமிஷன், நிர்வாகச் செலவு, ஆயுள் காப்புக்கான செலவு எல்லாம் போன பிறகுதான் போனஸ். நம் கணக்கில் 9,30,000 முழுதாக வந்தாலும் ஆண்டு வருவாய் ஐந்தேகால் சதவீத அளவே. 6,00,000 வந்தால் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. நான்கும் எட்டும் குறைந்தபட்சமும் அதிகபட்சமும் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

போனஸ் எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் அறிவிப்பார்கள். ஆயிரத்துக்கு 38 ரூபாய் என்றால் 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 19,000. அது அந்த ஆண்டே கைக்கு வராது. பாலிசியில் சேர்ந்து, முதிர்விலோ இறப்பிலோதான் முழுதாகக் கிடைக்கும். அந்தத் தொகைக்கு இடையில் வட்டியும் ஏறாது. இப்படிச் சேர்ந்துவிட்ட போனஸை நிறுவனம் திரும்ப எடுக்க முடியாது. வரும் ஆண்டுகளின் போனஸுக்கும் கடைசியில் தரும் இறுதி போனஸுக்கும் அந்த உறுதி இல்லை. 20 ஆண்டுக்கு 3,80,000, அதோடு இறுதி போனஸ் 50,000 என்று அனுமானித்துத்தான் 9,30,000 வந்தது.

இனி சரண்டர் மதிப்பு. வேலை போகும், வீட்டில் மருத்துவச் செலவு வரும். பாதியில் நிறுத்த வேண்டியவர்கள் நம்மில் நிறையப் பேர். மூன்றாம் ஆண்டு வரியில் விரலை வையுங்கள். கட்டியது 78,000. உத்தரவாத சரண்டர் மதிப்பு விதிப்படி குறைந்தது 35 சதவீதம், அதாவது 27,300. சேர்ந்த போனஸுக்காக ஒரு சிறு தொகை கூடலாம். நான்காம் ஆண்டு முதல் ஏழாம் ஆண்டு வரை குறைந்தது 50 சதவீதம். பக்கத்திலேயே சிறப்பு சரண்டர் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டில் எது அதிகமோ அதைத் தருவார்கள். 2024 அக்டோபர் முதல் வந்த விதிப்படி, ஓராண்டு பிரீமியத்தை முழுதாகக் கட்டி முதல் ஆண்டு முடிந்தாலே சிறப்பு சரண்டர் மதிப்பு உண்டு. “மூன்று வருடம் கட்டினால் போட்ட பணம் திரும்பிவிடும்” என்று யாராவது சொன்னால் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

பாலிசி பத்திரம் கைக்கு வந்த பிறகும் 30 நாள் அவகாசம் இருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட பட்டியலையும் பத்திரத்தையும் அருகருகே வைத்து, காப்பீட்டுத் தொகை, காலம், பிரீமியம் கட்டும் ஆண்டுகள் மூன்றையும் ஒப்பிடுங்கள். மாறியிருந்தாலோ, சொன்னது ஒன்று எழுதியது ஒன்றாக இருந்தாலோ, அந்த நாட்களுக்குள் எழுத்தில் திருப்பிக் கொடுங்கள். அதுவரையிலான காப்புக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத்தாள் செலவு போக மீதி வந்துவிடும். நிறுவனம் மறுத்தால் காப்பீட்டு ஆணையத்தின் 155255 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டு சரண்டர் செய்ய வேண்டாம். இன்றைய சரண்டர் தொகை, இதுவரை சேர்ந்த போனஸ், பிரீமியத்தை நிறுத்தி பாலிசியை அப்படியே விட்டால் முதிர்வில் கிடைக்கும் தொகை, இம்மூன்றையும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
நுகர்வோர் குழுவினர்