சதுரகிரி இறங்கிய மறுநாள்

ஆடி அமாவாசை கழிந்த இரண்டாம் நாள், திருத்தங்கலில் யார் யார் சதுரகிரி போய் வந்தார்கள் என்று விசாரிக்கவே வேண்டாம். பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில் இறங்குகிறவர்கள் எல்லாம் போய் வந்தவர்கள்தான். மாடிப்படியைச் சிரமமில்லாமல் ஏறிவிடுவார்கள். இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடிப்பார்கள்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி, பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றும் வேலை பார்க்கிறவர். திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வருஷம் பூரா பெட்டி சுமக்குற காலு. ஒரு நாள் மலைக்குப் போனதுக்கு இப்படியா வலிக்கும்?" என்று கேட்டார்.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. பெட்டியைத் தூக்கும்போது தொடைத்தசை சுருங்கி வேலை செய்கிறது. மலை ஏறும்போதும் அப்படித்தான். தாணிப்பாறையை நோக்கி இறங்கும்போது கதை வேறு. ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மடங்க, உடம்பின் எடை மொத்தத்தையும் தாங்கியபடியே முன்தொடைத் தசை நீள வேண்டியிருக்கிறது. லாரி இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவது போன்ற வேலை இது. சங்கிலிப்பாறை, வழுக்குப்பாறை என்று மணிக்கணக்காக இப்படி இறங்கினால், தசைநார்களுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிசல்கள் விழுகின்றன. அவற்றைச் சரிசெய்ய வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன, நீர் கோத்துக்கொள்கிறது, நரம்பு முனைகள் கூச்சம் கண்டுவிடுகின்றன. இதற்கு நேரம் பிடிக்கிறது. அதனால்தான் இறங்கிய அன்று மாலை சும்மா இருந்த கால், மறுநாள் காலை விறைத்து, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், நான்கைந்து நாளில் தானாக அடங்குகிறது. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அமிலம் உழைப்பு நின்ற ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து போய்விடும். மறுநாள் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆக, இந்த வீக்கமே பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதி. அதை அடக்கத்தான் வேண்டுமா என்பதிலிருந்து மாத்திரைக் கதை தொடங்குகிறது.

அண்ணாச்சி மலையிறங்கி அடிவாரத்துக்கு வந்ததுமே, வலி வருவதற்கு முன்பாகவே, ஒன்று போட்டுக்கொண்டாராம். மறுநாள் மெடிக்கலில் "உடம்புவலிக்கு ஒரு செட்" வாங்கியிருக்கிறார். அட்டையிலிருந்து வெட்டி, காகிதத்தில் மடித்துத் தந்த மூன்று மாத்திரைகள். ஒன்றிலும் பெயர் இல்லை. வெட்டிய துண்டில் பெயரின் பாதி எழுத்துகூட மிஞ்சாதது இந்த வியாபாரத்தின் நேர்த்தி. பெரும்பாலும் அசெக்ளோஃபெனாக் அல்லது டைக்ளோஃபெனாக் போன்ற வீக்கமடக்கி ஒன்று, வயிற்றைக் காக்க ஒன்று இருக்கும். மூன்றாவது ஸ்டீராய்டாக இருந்தாலும் வாங்குகிறவருக்குத் தெரியப்போவதில்லை.

இந்த வீக்கமடக்கிகள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன. வலி கொஞ்சம் மட்டுப்படும், உண்மைதான். ஆனால் கிழிந்த தசை அதனால் சீக்கிரம் கூடிவிடுவதில்லை. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், எடைப் பயிற்சி செய்த இளவயதினருக்கு எட்டு வாரம் தினமும் 1200 மில்லிகிராம் இபுபுரூஃபன் கொடுத்துப் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், இவர்களின் தொடைத்தசை வளர்ச்சி ஏறத்தாழ பாதிதான். ஒன்றிரண்டு நாள் மாத்திரையால் அப்படி ஆகிவிடாது. ஆனால் ஜிம்முக்குப் போகும் நம் பையன்கள் பயிற்சி நாள் தவறாமல் ஒன்று போட்டுக்கொள்வது, உழைத்த கூலியைப் பாதியாக வாங்குகிற காரியம்.

எனக்கு அதைவிட உறுத்துவது அடிவாரத்தில் போட்ட அந்த முதல் மாத்திரை. வேர்த்து விறுவிறுத்து, தண்ணீர் போதாமல் இறங்கியவருக்குச் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கும். அந்நேரம் அங்குள்ள நாளங்களைத் திறந்து வைத்திருப்பது இதே புரோஸ்டாகிளாண்டின்தான். மாத்திரை அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. பாலைவனங்களில் நடந்த பலநாள் ஓட்டப் பந்தயங்களில் இதைச் சோதித்தார்கள். 80 கிலோமீட்டர் ஓடும்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 400 மில்லிகிராம் இபுபுரூஃபன் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகம் தற்காலிகமாகப் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு வந்தது. சிறிய ஆய்வுதான், சந்தேகத்துக்கு இடமுண்டு. ஆனாலும் நம் வெயிலுக்கும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ள நம் ஆட்களுக்கும் அது போதுமான எச்சரிக்கை. முதலில் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் குடித்து, சிறுநீர் தெளிவாகப் போன பிறகு மற்றதைப் பார்க்கலாம். வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால் போதும்.

அடுத்தது மஞ்சள். "ராத்திரி மஞ்சப் பால் குடிச்சேன், கேக்கலையே" என்றார் அண்ணாச்சி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மஞ்சளில் வேலை செய்வதாகச் சொல்லப்படும் குர்குமின், பொடியின் எடையில் சுமார் 3 சதவீதம்தான். ஒரு டம்ளர் பாலில் அரை ஸ்பூன், அதாவது ஒன்றரை கிராம் பொடி போட்டால் 45 மில்லிகிராம் தேறும். தசைவலியைக் குறைத்ததாக வந்த ஆய்வுகளில் பிரித்தெடுத்த குர்குமினைப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கணக்கில், பல நாள் கொடுத்தார்கள். அங்கும் கிடைத்த பலன் சுமாரானது. சாப்பிட்ட குர்குமினில் பெரும்பகுதி ரத்தத்துக்கே போவதில்லை என்பது இன்னொரு சங்கடம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல், 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவு இருபது மடங்கு கூடியது. 20 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய பத்து மிளகு. ஆனால் அதற்கு முன் ரத்தத்தில் இருந்தது அநேகமாக ஒன்றுமில்லை என்பதால், இருபது மடங்கு என்பதைக் கேட்டு மலைக்க வேண்டாம். அதிக வீரியமுள்ள மஞ்சள் கேப்சூல்களால், குறிப்பாக மிளகுச் சத்து கலந்தவற்றால், கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. பாலில் போடும் மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை. சூடான பால், நல்ல தூக்கம் என்ற அளவில் குடிக்கலாம்.

தசைவலிக்குப் புளிப்பு உதவும் என்பதற்கு ஆதாரம் இருப்பதாகப் படித்தேன் என்று யாராவது சொன்னால், அது புளிப்புச் செர்ரி. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், லண்டன் மாரத்தான் ஓடிய 20 பேரில் பாதிப் பேர் ஐந்து நாள் முன்பிருந்தே அதன் சாற்றைக் குடித்தார்கள். அவர்களுக்குத் தசையின் பலம் சீக்கிரம் திரும்பியது; வலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேலை செய்வதாகக் கருதப்படுவது புளிப்பு அல்ல, பழத்தின் கருஞ்சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனின். எனவே புளிக்கும் எலுமிச்சைக்கும் இந்தப் பெருமை சேராது. ஆடியில் தெருவுக்கு வரும் நாவல்பழத்தில் அந்த நிறமி உண்டு. அதற்காகச் செர்ரியின் பலனை அதன் கணக்கில் எழுதிவிட முடியாது. புளியும் உப்பும் மஞ்சளும் காய்ச்சிப் போடும் பத்து, சுளுக்குக்கு இதமாக இருப்பது பெரும்பாலும் அதன் சூட்டால்தான்.

உறுதியாகப் பலன் தருவது மருந்தே இல்லை. ஒருமுறை இறக்கத்தில் அடிபட்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு அவ்வளவு வலிப்பதில்லை. ஆடிக்கு இரண்டு வாரம் முன்பு, நின்ற நாராயணப் பெருமாள் கோயில் படிகளில் பத்துத் தடவை ஏறி, நிதானமாக இறங்கினால், மறுநாள் கொஞ்சம் வலிக்கும், சதுரகிரியில் மிச்சமாகும். பெட்டி சுமப்பது இதற்கு ஈடாகாது, இறங்கியே பழக வேண்டும்.

அண்ணாச்சியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், மூத்திரம் என்ன நிறத்தில் போகிறது என்று. சிரித்தார். கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, இரண்டு தொடையும் வலிக்காமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ அது மலைவலி அல்ல. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவருக்கு வெளிர் மஞ்சள்தானாம். வியாழக்கிழமை லோடு ஏற்றப் போய்விட்டார்.