போத்தலில் ஒட்டும் காகிதத்தில் என்ன எழுதுவது?



அண்மையில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மாதர் சங்கத்தினர் என்னிடம் ஒரு வேலை தந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன் விற்பதற்காக அவர்கள் நுளம்புத் தைலம் தயாரித்திருந்தார்கள். மருந்துக் கடையில் வாங்கிய சிட்ரோனெல்லா எண்ணெய் 3 மில்லி லீற்றர், தேங்காய் எண்ணெய் 27 மில்லி லீற்றர், இரண்டையும் கலந்தால் ஒரு சிறு போத்தல். நம் மலைச்சரிவுகளில் வளரும் மானாப்புல்லின் இனத்தைச் சேர்ந்த புல்லிலிருந்துதான் இந்த எண்ணெய் வடிக்கப்படுகிறது. “போத்தலில் ஒட்ட நாலு வரி எழுதித் தாங்க மிஸ்” என்றார்கள். நாலு வரிதானே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அதற்கு முன்பே அச்சகத்துத் தம்பி ஒரு மாதிரி செய்து கொடுத்திருந்தார். சிவப்பு எழுத்தில் “எச்சரிக்கை! உயிர்க்கொல்லி டெங்கு! அடுத்தது உங்கள் பிள்ளையா?” என்றும், பக்கத்தில் ஒரு மண்டையோடும் இருந்தன. கீழே சிறிய எழுத்தில் “நாள் முழுவதும் பாதுகாப்பு” என்று போட்டிருந்தது.

கூட்டத்தில் அதைக் கைமாற்றிப் பார்த்தோம். வன்னியில் இருந்துவிட்டு யுத்தம் முடிந்தபின் உறவினரிடம் திரும்பி வந்த அக்கா ஒருவர் அதை வாசிக்கவேயில்லை, மடித்துக் கீழே வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, “மேலேயிருந்து போட்ட நோட்டீஸ் மாதிரி இருக்கு மிஸ். அதையெல்லாம் வாசிச்சு என்ன செய்ய முடிஞ்சது?” என்றார். யாரும் பேசவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் வரவில்லை.

அக்கா சொன்னதைத்தான் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். 1992இல் கிம் விட்டே என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர் எழுதியதன் சாரம் இதுதான்: ஆபத்தைப் பெரிதாகக் காட்டி, அதைத் தடுக்கத் தன்னால் செய்யக்கூடியதைக் காட்டாமல் விட்டால், மனிதர் ஆபத்தைத் தடுக்க முனைவதில்லை. தமக்குள் எழும் பயத்தை அடக்கத்தான் முனைகிறார்கள். காகிதத்தை மடித்து வைப்பது அப்படி ஒரு வழி.

சிவப்பு நிறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் மண் சரிந்ததை ஊவாவில் யார் மறப்பார்? மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு அறிவித்தல் விடுகிறது. சிவப்பு என்றால் உடனே வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அதே மாதத்தில் ஒரு தைலப் போத்தலும் சிவப்பில் “எச்சரிக்கை” என்று கத்தினால் அந்தச் சொல் தேய்ந்துபோகும். ஆகவே போத்தலுக்குப் பச்சை என்று முடிவு செய்தோம். (அச்சகத்துத் தம்பிக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம்தான்.)

பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. எப்போது பூசுவீர்கள் என்று கேட்டேன். அநேகமாக எல்லோரும் “படுக்கப் போகும்போது” என்றார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதில் தவறில்லை. வன்னியில் இருந்தவர்கள் மலேரியாவோடு வாழ்ந்தவர்கள். மலேரியா நுளம்பு இரவில் கடிப்பது. 1999இல் இலங்கையில் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா கண்டது. அப்போது இரவில் வலை கட்டிப் படுத்தவர்கள் சரியானதையே செய்தார்கள். அந்த நோய் ஓய்ந்து, 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. டெங்கு நுளம்போ பகலில் கடிப்பது. விடிந்த பின்னான ஓரிரு மணி நேரமும், பொழுது சாய முன்னான நேரமும்தான் அதற்கு வாய்ப்பான நேரங்கள். அதாவது நீங்கள் பீலியடியில் நிற்கும் நேரமும், கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் நேரமும். மண்டையோடு இந்த நேரத்தைச் சொல்லவில்லை.

அடுத்தது “நாள் முழுவதும்” என்ற வாக்கியம். அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனை 2002இல் மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. டெங்குவைப் பரப்பும் அதே இன நுளம்புகள் உள்ள கூட்டுக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். டீட் என்ற இரசாயனம் ஏறத்தாழ 24 வீதம் உள்ள பூச்சு சராசரியாக 5 மணி நேரம் காத்தது. சிட்ரோனெல்லா கலந்த பூச்சுகள் எதுவும் 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. இதைச் சொன்னதும் சங்கத் தலைவிக்கு முகம் சுருங்கியது. “இருபது நிமிஷம்னு போட்டா யாரு மிஸ் வாங்குவா?” என்றார். கேள்வி நியாயமானது. ஆனால் நாள் முழுவதும் என்று நம்பிக் காலையில் பூசியவள், மத்தியானம் வெறுங்காலோடு நிற்பதாகத்தான் அர்த்தம்.

அந்த அக்காதான் வழி சொன்னார். “பீலியில தண்ணி பிடிக்கிறதே இருபது நிமிஷந்தானே. அதுக்குப் போதும்.” கோழி அடைக்கும்போதும், பின்னேரம் பிள்ளைகள் வாசலில் விளையாடும்போதும் திரும்பப் பூசலாம் என்று மற்றவர்களும் சேர்த்தார்கள். மலைக்குப் போகிறவர்களுக்கு இது சரிவராது. அட்டைக்குப் பூசும் சவர்க்காரம் மழையில் கழுவிப்போவதுபோல இதுவும் போய்விடும். கையில் பூசினால் கொழுந்திலும் மணம் ஏறும். அவர்கள் கடையில் விற்கும் டீட் உள்ள பூச்சைக் கால்களில் பூசி, நீளக் காற்சட்டை அணிவது நல்லது.

நுளம்புச் சுருளைப் பற்றியும் பேச்சு வந்தது. ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுகள் அளவுக்கு நுண்துகள்கள் வெளிவருவதாக 2003இல் ஓர் ஆய்வு கூறியது. இதைப் போத்தலில் போடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஒற்றை அறை லயத்தில் படுப்பவளுக்கு அந்த எண் பயத்தை மட்டும் தரும். “சுருளை அறைக்கு வெளியே வாசற்படியில் வையுங்கள்” என்றால் இன்று மாலையே செய்வாள்.

ஒருமணி நேரம் அடித்துத் திருத்திக் கடைசியில் எழுதியது இது:

“காலையில் பீலிக்குப் போகுமுன்பும் பின்னேரத்திலும் காலிலும் முழங்கைக்குக் கீழும் பூசுங்கள். 20 நிமிடத்திற்கு மேல் நம்ப வேண்டாம், திரும்பப் பூசுங்கள். முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு துளி பூசி ஒரு நாள் பாருங்கள். சிவந்தால் பாவிக்க வேண்டாம். கண், வாய், காயத்தில் படக்கூடாது. கைக்குழந்தைக்குப் பூசாமல் பகலிலும் வலைக்குள் தூங்க வையுங்கள். கிழமைக்கு ஒரு முறை தண்ணீர்ப் பரலைக் கவிழ்த்து உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் இரண்டு நாள் விடாவிட்டால் வைத்தியரிடம் போங்கள். அதுவரை பரசிற்றமோல் மட்டும்.”

பரலைத் தேய்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டெங்கு நுளம்பின் முட்டைகள் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பரலின் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரைக் கொட்டினாலும் அவை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி தண்ணீர் ஏறும்போது பொரிக்கின்றன. முட்டை நுளம்பாக ஒரு கிழமைக்குச் சற்று மேலே ஆகும். அதனால்தான் கிழமைக் கணக்கு. பரசிற்றமோல் மட்டும் என்றதற்கும் காரணம் அப்படித்தான். அஸ்பிரின், இபுபுரோபன் போன்றவை டெங்குக் காய்ச்சலில் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும்.

நாலு வரி என்று தொடங்கியது போத்தலின் முன்புறம் கொள்ளாமல் பின்புறத்துக்கும் சுற்றிப் போயிற்று. வாசிக்கத் தெரியாதவர்களுக்காக மூலையில் பாதி உதித்த சூரியன் ஒன்றையும் ஒரு குடத்தையும் வரைந்தோம். முதலில் வாங்கிய பாட்டி அதைப் பார்த்து, “ஓ, தண்ணிக்குப் போறப்போ” என்றார்.