எந்த விலையை நம்புவது?

ஒரு பவுன் என்ன விலை என்று கைபேசியில் தேடினால் நாலு இணையதளம் நாலு விலை சொல்கிறது. இதை வைத்து வாடிக்கையாளர்களோடு ஸ்ரீவில்லிபுத்தூர் நகைக்கடைக்காரர்கள் படும் பாட்டையும், டாலர் விலைக்காக ராஜபாளையம், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஏற்றுமதியாளர்கள் வங்கியோடு வாதாடுவதையும் நாம் அடிக்கடி கேட்டு வருகிறோம். இதில் பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொரு விலையும் வேறு வேறு சரக்குக்கு உரியது. அந்த விவரத்தைத்தான் பல தளங்கள் எழுதுவதில்லை.

முதலில் தங்கம். கணக்குக்கு எளிதாக, 999 சுத்தத் தங்கம் 10 கிராம், வரி நீங்கலாக, ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கிராம் பத்தாயிரம். பவுன் என்பது 8 கிராம் என்பதால் 80,000 என்று ஒரு தளம் போடும். இன்னொரு தளம் 3 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்து 82,400 என்று போடும். நகைக்கு ஆகும் 22 காரட், அதாவது 916 தங்கத்தைக் கணக்கிடும் தளம் 73,280 என்று காட்டும். அதற்கும் வரி சேர்த்தால் 75,478. ஒரே தங்கத்துக்கு நாலு விலை, நாலும் சரி. செய்கூலி, சேதாரம் இவற்றில் எதிலும் இல்லை. வாடிக்கையாளர் 73,280ஐப் பார்த்துவிட்டு வருகிறார், கடைக்காரர் பில்லில் வரியோடு எழுதுகிறார், சண்டை அங்கே பிறக்கிறது.

நம் ஊரில் பவுன் விலை என்றால் சென்னை நகை, வைர வியாபாரிகள் சங்கம் அறிவிக்கும் 22 காரட் விலையைத்தான் சொல்கிறோம். அது காலையிலும் மாலையிலும் மாறும். வேகமாக ஏறி இறங்கும் நாட்களில் அதற்கு மேலும் மாறியதுண்டு. எனவே மணி போடாத விலை விலையே அல்ல என்பது நம் கட்சி. மொத்த விலையைச் சரிபார்க்க விரும்புவோர் மும்பையிலுள்ள இந்தியா புல்லியன் அண்ட் ஜூவல்லர்ஸ் அசோசியேஷனின் ibjarates.com தளத்தைப் பார்க்கலாம். வேலை நாட்களில் இருவேளை, 999, 995, 916 என்று சுத்தம் பிரித்து, வரி நீங்கலாக வெளியிடுகிறார்கள். தங்கப் பத்திரத்தின் முதிர்வுத் தொகைக்கு ரிசர்வ் வங்கி எடுத்துக்கொள்வதும் இவர்களுடைய 999 விலையின் சராசரியையே. ஞாயிற்றுக்கிழமையும் "இன்றைய விலை" என்று தேதியை மட்டும் மாற்றிப் போடும் தளத்தை ஒதுக்கிவிடலாம். அது முந்தைய விலைக்குப் புதுச் சட்டை போட்டதுதான்.

டாலர் விஷயம் இதைவிடச் சிக்கல். தேடும் தளங்கள் காட்டுவது பெரும்பாலும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள விலை. அந்த விலைக்கு நம்மிடம் எந்த வங்கியும் வாங்குவதில்லை. 10,000 டாலர் வந்திருக்கிறது, திரையில் 85 ரூபாய், வங்கியின் டி.டி. வாங்கும் விலை 84.40 என்று வைத்துக் கொண்டால், வித்தியாசம் 6,000 ரூபாய். இதை வங்கி ஏமாற்றியது என்று சொல்வது சரியல்ல. ஆனால் அந்த அறுபது பைசா கல்லில் எழுதியதும் அல்ல. தொடர்ந்து வரவு உள்ளவர்கள் பேசிக் குறைக்கலாம்.

அப்படிப் பேச ஓர் அளவுகோல் வேண்டுமே. அதற்கு fbil.org.in தளம் இருக்கிறது. முன்பு ரிசர்வ் வங்கி வெளியிட்டு வந்த டாலர் குறிப்பு விலையை 2018 ஜூலை முதல் எப்.பி.ஐ.எல். என்ற இந்த நிறுவனம்தான் வெளியிடுகிறது. முற்பகல் பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையே வங்கிகள் நடத்திய உண்மையான வியாபாரத்திலிருந்து கணக்கிட்டு, மதியம் ஒன்றரை மணி சுமாருக்குத் தருகிறார்கள். இதுவும் வங்கி நமக்குத் தரும் விலை அல்ல. ஆனால் அன்று நமக்குக் கிடைத்தது இதிலிருந்து எத்தனை பைசா தள்ளியிருக்கிறது என்று மாதம் முழுவதும் குறித்து வைத்தால், மேலாளரிடம் பேசக் கையில் கணக்கு இருக்கும். ஜப்பான் யென் மட்டும் நூறு யென்னுக்கு விலை, கவனிக்கவும்.

இறக்குமதிச் சுங்க மதிப்புக்கு இவை எதுவும் செல்லாது. அதற்கென மாதம் இருமுறை icegate.gov.in தளத்தில் வரும் சுங்க விலைதான்.

நம் உறுப்பினர்களிடம் நாம் வற்புறுத்துவது இதைத்தான்: விலைப்பட்டியலிலும் ஒப்பந்தத்திலும் "நெட் விலைப்படி" என்று எழுதுவதை நிறுத்துங்கள். "பில் தேதியன்றைய எப்.பி.ஐ.எல். குறிப்பு விலை, அன்று விடுமுறையானால் முந்தைய வேலை நாள்" என்று எழுதுங்கள். தங்கமானால் யார் அறிவித்த விலை, காலையா மாலையா, எந்தச் சுத்தம், வரி உண்டா இல்லையா என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். பழைய நகை மாற்றுக்கு வருபவரிடமும் இதே விவரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்.

சிறு ஏற்றுமதியாளர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2019 ஆகஸ்டில் கிளியரிங் கார்ப்பரேஷன் ஆப் இந்தியா தொடங்கிய எப்.எக்ஸ். ரீடெய்ல் என்ற ஏற்பாட்டில் தம் வங்கி மூலம் பதிவு செய்து கொண்டால், சந்தை விலையும் வங்கி அதன்மேல் வைக்கும் லாபமும் தனித்தனியே தெரியும். கிளையில் கேட்டால் தெரியாது என்று சொல்லக்கூடும். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கே எழுதிக் கேட்கவும்.