சீட்டைப் பிடிக்க முடியாவிட்டால் என்ன?

லீவு நாளில் எங்கள் வீட்டில் காசு வைக்காத ரம்மி நடக்கும். (சீட்டு என்றதும் முகம் சுளிக்காதீர்கள் சகோதரிகளே!) அதில் என் மாமியார்தான் புலி. முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கிப்போனதும், 13 சீட்டையும் விசிறி மாதிரிப் பிடிக்க முடியவில்லை. "நான் பிடிச்சுக்கறேன், நீங்க சொல்லுங்க பாட்டி" என்று என் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டே ஆட்டத்தில் அத்தை எழுந்துவிட்டார். "சீட்டும் அவ கையில, யோசனையும் அவளோடது. நான் எதுக்கு?" என்றார். உதவி என்ற பெயரில் ஆட்டத்தையே பிடுங்கிக்கொண்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

முதலில் துணி தேய்க்கும் பிரஷ்ஷை மல்லாத்தி வைத்து, நாருக்கு நடுவே சீட்டைச் செருகினோம். நன்றாகவே நின்றது. ஆனால் ஏழெட்டு சீட்டுக்கு மேல் இடமில்லை. பிறகு ஆசாரியிடம் சொல்லி 16 அங்குல மரக்கட்டையில் நீளமாகக் காடி எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு அங்குலம் தெரியும்படி அடுக்கினால், எடுக்கும் 14-வது சீட்டுக்கும் இடம் கிடைக்கும். காடி நேராக இருந்தபோது சீட்டு முன்னால் கவிழ்ந்தது; சற்றே பின்னால் சாய்த்து எடுத்ததும் சரியானது. இறுக்கமாக இருந்தாலோ, வலிக்கிற விரலால் உருவ முடியாது. அத்தையையே உருவிப் பார்க்கச் சொல்லித்தான் அகலப்படுத்தினோம்.

பார்வையில்லாத என் சித்தப்பா வந்தால் இதே கட்டைதான் அவருக்கும். அவருடைய கட்டில் ஒவ்வொரு சீட்டிலும் எதிரெதிர் மூலைகளில் பிரெய்ல் புள்ளிகள். எந்தப் பக்கம் பிடித்தாலும் இடது மேல் மூலையில் விரல் ஓட்டினால் போதும், முதல் எழுத்து எண், அடுத்தது ஆர்ட்டினா இஸ்பேடா என்பது. பிரெய்லில் 10-க்கும் ஜாக்கிக்கும் ஒரே எழுத்து வந்துவிடுமாம். அதனால் 10-க்கு மட்டும் 'எக்ஸ்' வைத்திருக்கிறார். காகிதக் கட்டானால் கலைத்துக் கலைத்துப் புள்ளி அமுங்கிவிடும். ஒருமுறை அஞ்சில் ஒரு புள்ளி தேய்ந்து, அவர் அதை ஏஸ் என்று நினைத்து இறக்கிவிட்டார். ஒரே சீட்டை இரண்டு தடவை தடவுகிறார் என்றால் கட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று புரிந்துகொள்வேன்.

மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு எண் பெரிதாக அச்சான கட்டு கிடைக்கிறது. வாங்கும்போது டைமன் நீலமாகவும் கிளாவர் பச்சையாகவும் இருக்கும் கட்டாகப் பாருங்கள். ரெண்டு சிவப்பு, ரெண்டு கறுப்பு என்றால் எண் தெரிந்தும் சின்னம் குழம்பும்.

ஆனால் பிரெய்ல் கட்டு எவ்வளவு நல்லதானாலும், மற்றவர்கள் இறக்குகிற சீட்டு சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்? இறக்குகிறவர் "ஆர்ட்டின் ஏழு" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். என் வீட்டுக்காரர் இப்பவும் பேசாமல் போட்டுவிடுவார். சித்தப்பா விடமாட்டார், "என்னடா போட்டே?" என்று கேட்டு, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்