அந்த ஒரு நிமிடம் யார் கணக்கில்?

விநியோக வேன்களின் எண்ணிக்கையைக் கணிக்கும் ஆய்வுகள் பாதையின் நீளத்தை நுணுகி ஆராய்கின்றன. வேன் நின்றபின் கழியும் நேரத்தையோ ஒரே மாறிலியாக எழுதிவிட்டுக் கடந்துவிடுகின்றன. 1987இல் சாலமன் வெளியிட்டு, இன்றும் அளவுகோலாக விளங்கும் 56 மாதிரிக் கணக்குகளில், ஒரு கணக்கிலுள்ள நூறு வாடிக்கையாளருக்கும் சேவை நேரம் ஒன்றே. வழிமுறைகளை ஒப்பிட அது போதும். புனே நகருக்கு எத்தனை வேன்கள் வேண்டுமெனச் சொல்ல அது போதாது.

ஒரு கிடங்கிலிருந்து நாள்தோறும் 2,400 பார்சல்கள் கோத்ரூடுக்கும் சதாசிவ் பேட்டுக்கும் போவதாகக் கொள்வோம். ஒரு நிறுத்தத்துக்குச் சராசரியாக 1.2 பார்சல், ஆகவே 2,000 நிறுத்தங்கள். பணிநேரம் 9 மணி, அதாவது 540 நிமிடம். பார்சல்களைப் பிரித்து ஏற்ற 45, உணவுக்கு 30, போகவர 60, திரும்பியதும் பணத்தையும் மீந்த பார்சல்களையும் ஒப்படைக்க 15. எஞ்சுவது 390. நிறுத்தத்தில் 4 நிமிடம், அடுத்த நிறுத்தத்துக்குச் செல்ல 2 நிமிடம் என்றால், ஒரு வேனுக்கு 65 நிறுத்தங்கள். 31 வேன்கள் போதும்.

இனி அந்த 4 நிமிடத்தை 5 ஆக்கிப் பார்க்க வேண்டும். 55 நிறுத்தங்களே முடியும். தேவை 37 வேன்கள். கோத்ரூட் அடுக்ககத்தில் காவலாளி செயலியில் ஒப்புதல் கேட்டுக் காத்திருப்பதும், மின்தூக்கி வராததும், சதாசிவ் பேட்டின் சந்துக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டுப் பழைய வாடாவுக்குள் நடந்து செல்வதும் அந்த ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். 31 வேன்களோடு நிறுத்திக்கொண்டால், குறைந்த ஆறு வேன்களின் வேலை மறைந்துவிடாது. ஒவ்வொரு தொழிலாளியும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 நிமிடம் கூடுதலாக உழைப்பார். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால், அந்த நேரம் எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறாது. “உகந்த தீர்வு” எனப் பெயர் பெறுவது பல வேளைகளில் இதுதான்.

‘ஸ்கேன் பதிவுகள் இருக்கின்றனவே, சராசரி அவற்றிலிருந்து கிடைக்குமே’ என்பார்கள். நெருக்கடியில் உள்ளவர், அடுக்ககத்தின் ஆறு பார்சல்களையும் வாயிலிலேயே ஸ்கேன் செய்துவிட்டுத்தான் மாடியேறுகிறார். பதிவில் ஒரே நிமிடத்தில் ஆறு ஒப்படைப்புகள். பிறகு இருபது நிமிட வெற்றிடம். அவ்வெற்றிடத்தைப் பயண நேரமாகவோ ஓய்வாகவோ படிப்பவர் சேவை நேரம் சில நொடிகளே என்று முடிவுகட்டுவார். போக்குவரத்து நெரிசலைக் குறைகூறுவார். நெரிசல் மீது பழிபோடுவது எப்போதும் எளிது.

கொத்தாக விழும் ஸ்கேன்களும் அவற்றைத் தொடரும் நீண்ட இடைவெளியும் தென்பட்டால், அத்தரவு சேவை நேரத்தைச் சொல்லவில்லை என்று பொருள். வேன் நின்ற நொடிமுதல் மீண்டும் நகரும்வரை, ஜி.பி.எஸ். தடத்தைக் கொண்டோ உடன்சென்று கடிகாரம் பார்த்தோ, அடுக்ககத்துக்கும் பேட்டைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். கடைசி ஒப்படைப்பின் நேரத்தையும் பணி முடியும் நேரத்தையும் அருகருகே வெளியிடாத எந்தக் கட்டுரையின் வேன் எண்ணிக்கையையும் மதிப்பீட்டாளர்கள் ஏற்கலாகாது.