வெள்ளைக் காக்கை

போன மார்கழியில் உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஒரு பறவையிடம் ஏமாந்தேன். புளியமரத்தில் நாலைந்து காக்கைகளோடு வெள்ளையாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. உண்ணிக்கொக்கு என்று முடிவு கட்டினேன். கூட நடந்தவரோ, "வேடந்தாங்கலுக்கு வந்த வெளிநாட்டுப் பறவை சார், வழி தவறியிருக்கும்" என்றார். அந்த நேரம் பார்த்து அது "கா" என்று கத்தியது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கொக்கின் நீளக் கழுத்தும் ஈட்டி மூக்கும் நெடுங்காலும் இல்லை. காக்கையின் உடம்பு, காக்கையின் தத்தல் நடை. நிறம் ஒன்றுதான் மாறியிருந்தது. அந்த ஒன்றை வைத்துத்தான் நாங்கள் இருவரும் பெயர் சொன்னோம்.

இறகுக்குக் கறுப்பைத் தருவது மெலனின் என்ற நிறமி. உடம்பால் அதைத் தயாரிக்கவே முடியாவிட்டால் அது அல்பினோ. கண்ணிலும் நிறமி இருக்காது, ரத்தம் தெரிந்து கண் சிவப்பாக இருக்கும். பார்வையும் மங்கல் என்பதால் காட்டில் அதிக நாள் தாங்காது. நான் பார்த்ததன் கண் கறுப்பு. ஆகவே இது லூசிசம்: நிறமி உண்டாகும், இறகுக்குப் போய்ச் சேருவதில்லை.

சரி, எந்தக் காக்கை? இங்கேதான் உண்மையான சிக்கல். வீட்டுக் காக்கைக்குக் கழுத்து சாம்பல், அண்டங்காக்கை முழுக்கக் கறுப்பு. வழக்கமாக நாம் இதை வைத்துத்தான் பிரிக்கிறோம். வெள்ளையில் அந்த அடையாளமே அழிந்துவிடுகிறது. அண்டங்காக்கையின் மூக்கு தடித்து, மேல் பக்கம் நன்றாக வளைந்திருக்கும், குரலும் கரகரப்பு. இதற்கு மூக்கு மெலிவு, குரல் நம் கொல்லையில் தினமும் கேட்பதுதான். வீட்டுக் காக்கை என்று நோட்டில் எழுதினேன். மூக்கும் குரலும் பிடிபடாமல் இருந்திருந்தால் 'காக்கை' என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு மேல் எழுதுவது ஊகம்.

கறுப்பு கூடினாலும் இதே கதைதான். கருஞ்சிறுத்தையைத் தனி மிருகம் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது மெலனின் மிகுந்த சாதாரணச் சிறுத்தை. சாய்ந்த வெயிலில் பார்த்தால் கறுப்புக்குள்ளேயே புள்ளிகள் தெரியும்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில், காணக் கிடைக்காத எதையும் 'மெர்ல் பிளான்' என்பார்கள். மெர்ல் என்பது மைனா அளவுள்ள கறுப்புப் பறவை. வெள்ளை மெர்ல் என்றால் அபூர்வம். நம் ஊரிலும் வெள்ளைக் காக்கை பறக்கிறது என்றால் புளுகு என்றுதான் சிரிப்போம். இரண்டு ஊர்ப் பேச்சும், நிறம் மாறாது என்று நம்மைப் பழக்கிவிட்டன.

அலுவலகத்தில் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் அங்க அடையாளம் எழுதியிருக்கிறேன். உயரம், மச்சம், தழும்பு. ஆள் சிவப்பா கறுப்பா என்று ஒரு நாளும் எழுதியதில்லை. பறவைக்கும் அந்த முறைதான் சரி: முதலில் மூக்கு, கால், நடை, குரல், கூட்டாளிகள். நிறத்தைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம்.